குழாயின் பதினாலாவது அடி

எனக்கு அசிங்கத்தைக் கண்டால் ஆகாது. ஒரு பிளம்பர் இப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும் என்று தெரியும். என் மனைவியே சிரிப்பாள். "அப்ப நீங்க பூக்கட்டப் போயிருக்க வேண்டியதுதானே?" என்பாள். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மோட்டார் மாட்டுவது, மாடித் தொட்டிக்கு லைன் இழுப்பது, குளியலறைக்குக் குழாய் பதிப்பது எல்லாம் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அடைப்பு என்று போன் வந்தால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. கழிவுநீர்ச் சேம்பர் மூடியை நெம்பும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கை பாட்டுக்கு வேலை செய்யும், கண் எங்கேயாவது பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடைப்பு போயிற்றா, போயிற்று. தண்ணீர் இறங்குகிறதா, இறங்குகிறது. அதற்கு மேல் யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன்.

அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டே நான் செய்த ஒரு கேவலத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கிறபோது உங்களுக்கும் குமட்டும். குமட்டட்டும், எனக்கு இன்னும் குமட்டுகிறது.

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரில். மகன் வந்தால் தங்க வேண்டும் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் மாடியைக் கட்டினார். அந்த மாடியின் குழாய் வேலை முழுவதும் நான்தான் செய்தேன். மகன் வருடத்துக்குப் பத்து நாள் வருவான், போவான். மற்ற நாளெல்லாம் மாடி பூட்டியே கிடந்தது. போன வருடம்தான் வாடகைக்கு விட்டார். ஒரு அம்மா, பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண், இரண்டே பேர். அந்த அம்மாவின் கணவர் சவூதியில் இருக்கிறார். அந்த அம்மா இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். பரிசோதனைக்காரம்மா என்றே எழுதுகிறேன்.

அவர்கள் குடிவந்த மூன்றாவது மாதம் முதல் அடைப்பு வந்தது. மாடிக் கழிப்பறையிலிருந்து நாலு இஞ்ச் பைப் ஒன்று சுவரோரமாக இறங்கி, கீழே பெண்டு போட்டுத் திரும்பி, போர்டிகோ தரைக்கு அடியில் ஓடிச் சேம்பருக்கு வரும். அந்தச் சேம்பர் நிரம்பி, மூடியின் சந்து வழியாக வெளியே வந்து, துளசிச் செடி வரைக்கும் ஓடியிருந்தது. வீட்டுக்கார அம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

நான் மூடியைத் திறந்தேன், வழக்கம்போல் முருங்கை மரத்தைப் பார்த்தேன், ஸ்பிரிங்கை உள்ளே விட்டுத் திருகினேன். அது நீளக் கம்பிச் சுருள், அடைப்பைக் குத்தி வழிவிடும். ஓரிடத்தில் இடித்தது. திருகித் திருகிக் குத்தியதும் மடமடவென்று தண்ணீர் வந்துவிட்டது. ஸ்பிரிங்கை இழுத்தால் நுனியில் வெள்ளையாக, நார் நாராக, கொழகொழவென்று என்னவோ சுற்றிக்கொண்டு வந்தது. ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தேன். கழுவிப் பார்த்தேனா என்றால், இல்லை. த்தூ என்று துப்பிவிட்டு ஸ்பிரிங்கைத் தரையில் உதறினேன்.

"என்னப்பா அது?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டார்.

"வேற என்னம்மா, பொம்பளைங்க சமாச்சாரம்தான். நாப்கினைக் கக்கூஸ் கோப்பைக்குள்ள போட்டுத் தண்ணிய ஊத்திட்டாங்க. பைப் என்னம்மா பண்ணும், பாவம்?"

இதை நான் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதிலும் அருவருப்பு வந்துவிட்டால் கோபமும் கூடவே வந்துவிடும். தெருவில் காய்கறி வண்டி நின்றது. நாலைந்து பெண்கள் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்ததும் எனக்கு இன்னும் உற்சாகம். "படிச்சவங்கதானே? குப்பையில போடணும்னு தெரியாது? இவங்க போடுவாங்க, நாம கைய விட்டு எடுக்கணும். என்ன ஜென்மமோ!" என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன். மாடிக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனேன்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் சொல்வோம். கழிப்பறை அடைப்பு என்றால் நாப்கின். வெள்ளையாக இருந்தால் நாப்கின். வீட்டில் வயசுப்பெண் இருந்தால் சந்தேகமே கிடையாது, நாப்கின். அதைச் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். எங்களுக்கு வேலை சுலபம்.

ஒன்றரை மாதத்தில் மறுபடியும் அடைத்தது. அதன்பின் மறுபடியும். ஸ்பிரிங் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இடித்தது, நான் ஒவ்வொரு தடவையும் அதே வசனத்தைச் சொன்னேன். மூன்றாவது தடவை வீட்டுக்கார அம்மா, "இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடும்மா. சின்னப் பொண்ணை வெச்சுக்கிட்டு இவ்வளவு சுத்தமில்லாம இருந்தா நான் என்ன பண்றது?" என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டார். பரிசோதனைக்காரம்மா மாடிப்படியில் நின்றுகொண்டு, "நாங்க போடலம்மா" என்று மட்டும் சொன்னார். நான் ஸ்பிரிங்கைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். போடாமல் எப்படி வரும் என்று மனசுக்குள் சிரித்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கெட்ட பெயரோடு, நடுவில் வீடு மாற வேண்டும். இதெல்லாம் அன்றைக்கு எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பரிசோதனைக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, மாடி வீட்லேருந்து பேசுறேன். நாளைக்குக் காலையில வர முடியுமா?"

"மறுபடியும் அடைச்சிடுச்சா?"

"இல்லண்ணே. குழாய்க்குள்ள விட்டுப் பாக்குற கேமரா ஒண்ணு வாங்கியிருக்கேன். போன்ல மாட்டிப் பாக்கலாம். கீழ்வீட்டம்மாகிட்டயும் சொல்லிட்டேன், பாக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

எனக்கு எரிச்சலாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையைக் கண்ணைத் திறந்துகொண்டு செய்யச் சொல்கிறாரே என்று இருந்தது. ஆனால் வர முடியாது என்றால் பயந்துவிட்டான் என்பார்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருக்கும் என் ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கறுப்பு ஒயர், பத்து மீட்டர் இருக்கும். விறைப்பான ஒயர், தள்ளினால் துவளாமல் போகும். ஒரு முனையில் பென்சில் கனத்துக்கு ஒரு குழல். அதன் நெற்றியில் கடுகு மாதிரி கண்ணாடி, அதைச் சுற்றி ஆறு பொடி விளக்குகள். மறுமுனையைச் சார்ஜர் குத்துகிற இடத்தில் குத்தவேண்டும். குத்தினார், ஒன்றும் வரவில்லை. "செட்டிங்ஸ்ல ஓடிஜி ஆன் பண்ணணும்ணே" என்று எதையோ தட்டினார். திடீரென்று போன் முழுக்க என் மூக்கு வந்தது. மூக்குத் துவாரமும் அதற்குள் இருக்கிற மயிரும் கயிறு கயிறாகத் தெரிந்தன. சீ என்று பின்னால் நகர்ந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க தள்ளுங்கண்ணே, போனை நான் புடிச்சுக்குறேன். எனக்கும் பாக்கணும்" என்றார். கையுறை இரண்டு ஜோடி கொண்டுவந்திருந்தார். எனக்கு ஒன்று கொடுத்தார்.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கருமமெல்லாம்?"

"நான் தெனமும் மலப் பரிசோதனை பண்றவ அண்ணே. பாத்தாதானே என்னன்னு எழுத முடியும்?"

மாடியில் யாரும் தண்ணீர் விடக்கூடாது என்று சொல்லிவிட்டு, நாலு வாளி தண்ணீரை மேலிருந்து ஊற்றி லைனைக் கழுவினேன். சேம்பரில் தேங்கியதை இறைத்துக் குழாய் வாயைக் காலியாக்கினேன். கலங்கின தண்ணீருக்குள் கேமராவை விட்டால் காப்பி நிறம்தான் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஒயரில் அடிக்கு ஒன்றாகச் சிவப்பு டேப் ஒட்டினேன், எத்தனை அடி போயிருக்கிறது என்று கணக்குத் தெரிய. வீட்டுக்கார அம்மா வாசலில் நாற்காலி போட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

உள்ளே விட்டேன்.

ஐயோ, அதை என்னவென்று எழுதுவது? இருபத்திரண்டு வருடம் திரும்பி நின்றதற்கெல்லாம் சேர்த்துவைத்துக் காட்டின மாதிரி இருந்தது. குழாயின் உட்பக்கமெல்லாம் பழுப்பும் கறுப்புமாகப் பூசணம். தொட்டால் வழியும்போல் பளபளப்பு. மேலே ஒட்டிய ஈரத்திலிருந்து சளி மாதிரி நூல் நூலாகத் தொங்கியது. மூன்றாவது அடியில் கரப்பான்கள். ஒன்றிரண்டு இல்லை, சுவரே நகர்ந்தது. ஒன்று நேராகக் கண்ணாடி மேலேயே ஏறி, அதன் வயிறும் கால் முள்ளும் போன் முழுக்க வந்து நின்றது. ஒயர் திருகும்போதெல்லாம் படமும் திருகிக்கொண்டது. தரை கூரையாகி, கூரை பக்கச்சுவராகி, தேங்கின தண்ணீர் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் அடி எது மேல் எது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது அடியில் வெள்ளைப் புழுக்கள், அரிசிக் குருணையைக் கொட்டினாற்போல், நெளிந்துகொண்டு. நான் அன்று காலை புழுங்கலரிசிக் கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்தேன்.

"அண்ணே, கண்ணாடியில அழுக்கு ஒட்டிடுச்சு. வெளிய எடுத்துத் தொடைங்க."

எடுத்தேன், துடைத்தேன், மறுபடி விட்டேன். இப்படி மூன்று தடவை. அந்த ஒயரில் வழிந்துகொண்டு வந்ததை நான் கையால் வழித்தேன் என்று நினைத்தாலே இப்போதும் உள்ளங்கை அரிக்கிறது. அந்த அம்மா மட்டும் போனை அசையாமல் பிடித்துக்கொண்டு, புத்தகம் படிக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாலாவது டேப் குழாய்க்குள் போனதும் ஒயர் முட்டியது. போனில் வெள்ளை. கண்ணைக் கூசுகிற வெள்ளையாக ஒரு பொதி, பைப்பின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு கிடந்தது. பெண்டுக்குச் சற்று முன்னால், நான் மூன்று தடவையும் குத்திய அதே இடம்.

வீட்டுக்கார அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "பாத்தியா? பாத்தியா? வெள்ளை வெளேர்னு! நாப்கின் இல்லாம வேற என்னவாம்? நான் சொன்னா என்னமோ அபாண்டம் சொல்றேன்னு நெனைச்ச. ஒரு வருஷத்துக்குள்ள எத்தனை போட்டிருக்கீங்க பாரு!"

நானும் அதேதான் நினைத்தேன். அப்பாடா என்றுகூட இருந்தது. நான் சொன்னது சரியாகப் போயிற்று, ஒயரை உருவிக்கொண்டு கிளம்பலாம் என்று இழுக்கப் போனேன்.

"இருங்கண்ணே. எடுக்காதீங்க" என்றார் பரிசோதனைக்காரம்மா. "வெளிச்சம் ரொம்ப அதிகமா இருக்கு. எங்க மைக்ராஸ்கோப்லயும் இப்படித்தான், லைட்டைக் கூட்டி வெச்சா எல்லாமே வெள்ளையாத்தான் தெரியும், ஒண்ணும் புரியாது." ஒயரின் போன் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருந்தது. அதை உருட்டி விளக்கைக் குறைத்தார். "கொஞ்சம் பின்னாடி இழுங்க. ரொம்ப ஒட்டிப் போயிட்டீங்க, மங்கலா இருக்கு. இன்னும் ரெண்டு விரக்கடை. அவ்வளவுதான். அப்படியே புடிங்க."

வெள்ளை அடங்கியது. அடங்க அடங்க அதற்குள்ளிருந்து கோடுகள் எழுந்து வந்தன. குறுக்கும் நெடுக்குமாக, பாய் முடைந்தது மாதிரி, பட்டை பட்டையாக. பஞ்சு இல்லை, காகிதம் இல்லை. ஓரத்தில் நார் பிரிந்து தொங்கியது, என் ஸ்பிரிங் கிழித்த நார். நீல மையில் அச்சடித்த பாதி எழுத்து. நடுவில் இறுக்கி முடிந்த பச்சை நைலான் கயிறு.

"இது ஏதோ சாக்கு மாதிரில்ல இருக்கு?" என்றார் பரிசோதனைக்காரம்மா.

அது சாக்குதான். உரச்சாக்கு. எங்கள் வீட்டு உரச்சாக்கு.

குழாய் பதிக்கிறபோது, திறந்திருக்கிற பைப் வாய்க்குள் சிமெண்டுக் கலவையும் சல்லியும் விழாமல் இருக்க எதையாவது திணித்துவைப்போம். மற்றவர்கள் சிமெண்டுக் காகிதத்தைத் திணிப்பார்கள். நான் குத்தகைக்கு நாலு மா நிலம் பார்க்கிறவன், வீட்டில் உரச்சாக்குக்குப் பஞ்சமே இல்லை. அதைக் கிழித்துச் சுருட்டி, நடுவில் பச்சைக் கயிற்றால் கட்டி, கயிற்று நுனியை வெளியே தொங்கவிடுவேன். வேலை முடிந்ததும் கயிற்றைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். தஞ்சாவூரில் இப்படி உரச்சாக்கு வைக்கிறவன் நான் ஒருத்தன்தான், அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த வீட்டில் கீழ் லைனைப் பதித்துச் சாக்கைத் திணித்த அன்று சாயங்காலம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நடவுக்கு ஆள் கிடைத்துவிட்டது, உடனே வா என்று வீட்டிலிருந்து போன். போட்டது போட்டபடி கிளம்பிவிட்டேன். பத்து நாள் கழித்துத்தான் திரும்பினேன். பைப் வாய் திறந்து கிடந்தது, கயிறும் காணோம். கொத்தனார் எடுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவரைக் கேட்கவில்லை. உள்ளே விரலை விட்டுப் பார்க்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி மேல் பைப்பைச் சொருகிவிட்டேன். யாரோ காலால் இடித்தோ கம்பியால் தள்ளியோ அது உள்ளே இறங்கி, நான் பிசிறு சீவாமல் விட்ட ஒரு பைப் விளிம்பில் மாட்டிக்கொண்டு ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறது. மாடியில் ஆள் இல்லாதவரை அதற்கு வேலை இல்லை. ஆள் வந்ததும் மயிரையும் சோப்பையும் மலத்தையும் பிடித்துவைத்துக்கொண்டது.

இதெல்லாம் எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. அந்த ஒரு நொடியில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். கொத்தனார் தலையில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் திருப்பூருக்குப் போய் மூன்று வருடமாகிறது, வந்து கேட்கப் போவதில்லை. அதற்குள் வீட்டுக்கார அம்மாவே எனக்கு வழி போட்டுக்கொடுத்தார்.

"சாக்கையுமா போட்டீங்க? அடப்பாவிகளா! தரை தொடைக்கிற சாக்கை எல்லாம் கோப்பைக்குள்ள போடுறதா?"

பரிசோதனைக்காரம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அண்ணே, இவ்வளவு பெரிய சாக்கு கோப்பை வழியா போகுமா? கீழ வளைவுல மாட்டிக்காதா? நீங்களே சொல்லுங்க."

நான் சேம்பர் ஓரத்தில் குந்தியிருந்தேன். கையெல்லாம் வழவழவென்று இருந்தது. கேட்டது அந்த அம்மா, அதுவும் மரியாதையாக, தொழில் தெரிந்தவன் என்று நம்பிக் கேட்டார். நான் மட்டும் ஆமாம் போகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் மாசக் கடைசியில் சாமான் கட்ட வேண்டியதுதான்.

"போகாதுங்க. அது நான் வெச்சது" என்றேன்.

"என்னப்பா சொல்ற?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"கட்டுறப்ப நான் வெச்ச சாக்கும்மா. எடுக்க மறந்துட்டேன். இவங்க மேல தப்பு இல்ல. மூணு தடவையும் நான் பாக்காமதான் சொன்னேன்."

பரிசோதனைக்காரம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் போனைப் பார்த்தபடியே, "ரெக்கார்டு ஆகிட்டிருக்கு. எடுங்க" என்றார்.

ஸ்பிரிங் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, கேமராவோடு சேர்த்து உள்ளே விட்டேன். அவர் திரையைப் பார்த்து, "இன்னும் உள்ள, இன்னும், கயித்துகிட்ட வந்துட்டீங்க, இப்பத் திருப்புங்க" என்று வழி சொன்னார். முதல் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பச்சைக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. கேமராவை உருவிவிட்டு, காலைச் சேம்பர் சுவரில் உதைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்தேன். வருவேனா என்று அடம்பிடித்துவிட்டு ஒரே இழுப்பில் வந்தது. அதோடு, அது அணைகட்டித் தேக்கிவைத்திருந்த எல்லாமும் வந்தது. சட்டையில், மோவாயில், உதட்டில் தெறித்தது. நான் எழுந்து மருதாணிச் செடிப் பக்கம் ஓடி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன்.

வாய் கொப்பளித்துத் திரும்பினால் பரிசோதனைக்காரம்மா அங்கேயே நிற்கிறார். "பிரிச்சுக் காட்டுங்க" என்றார்.

"என்னதும்மா?"

"அந்தச் சாக்கை. உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டுங்க. அம்மாவும் பாக்கட்டும்."

ஓஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, வாளிக்குள் வைத்துப் பிரித்தேன். மயிர்ச் சுருள்கள், ஷாம்பு பாக்கெட்டின் கிழிசல் ஒன்று, கறுத்த சேறு. ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விலக்கிக் காட்டினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அசிங்கத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நாப்கின் ஒன்றுகூட இல்லை. ஒரு துணுக்குக்கூட இல்லை.

வீட்டுக்கார அம்மா தொண்டையைச் செருமினார். "சரி விடும்மா, ஏதோ தெரியாம நடந்துபோச்சு. நீ காலி பண்ண வேணாம், பொண்ணு பரிட்சை முடியிற வரைக்கும் நிம்மதியா இரு."

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றார் பரிசோதனைக்காரம்மா.

அப்போதுதான் தெருக்கோடியில் குப்பை வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டது. மாடியிலிருந்து அந்தப் பெண் இறங்கி வந்தது. கையில் கறுப்பு பிளாஸ்டிக் பை. எங்களைத் தாண்டிக் கேட்டுக்குப் போகும் என்று நான் வழிவிட்டு நகர்ந்தேன். அது போகவில்லை. நேராக வீட்டுக்கார அம்மா முன்னால் வந்து நின்று, பையின் முடிச்சை அவிழ்த்து, வாயை விரித்து, அவர் பார்க்கிற மாதிரி நீட்டியது. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மா, "இனிமே வேணாம்மா, எடுத்துட்டுப் போ, போ" என்று அவசரமாகக் கையை ஆட்டினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா அது?" என்று பரிசோதனைக்காரம்மாவைக் கேட்டேன்.

"நீங்க மொதத் தடவை சொல்லிட்டுப் போனதிலேருந்து இதான் இந்த வீட்டு வழக்கம். மாசாமாசம் எம்பொண்ணு எல்லாத்தையும் சேத்து வெச்சு, எத்தனைன்னு அவங்களுக்கு எண்ணிக் காட்டிட்டுத்தான் வண்டியில போடணும். கோப்பைக்குள்ள போடலன்னு நிரூபிக்கணும்ல?"

குழாய்க்குள் பார்த்த எதுவும் என்னை அப்படி அருவருக்க வைக்கவில்லை. அந்த வீட்டுக்கார அம்மாவைப் பார்க்கவே எனக்குக் கூசியது. ஆனால் அவர் வாயில் அந்த வார்த்தையைப் போட்டவன் நான். ஒரு வீட்டில் ஒரு குழந்தையை மாதாமாதம் இப்படி நிறுத்திவைத்துவிட்டு, நான் சாயங்காலம் பஜ்ஜி தின்றுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். சீ, என்ன மனுஷன் நான்.

"பாப்பா, அது நான் வெச்ச சாக்கும்மா" என்றேன். "உன் மேல எந்தத் தப்பும் இல்ல. மன்னிச்சுக்கம்மா."

அந்தப் பெண் பையை மறுபடி முடிந்துகொண்டே என்னைப் பார்த்தது. "நான் போடலன்னு எனக்கு மொதல்லயே தெரியும் அங்கிள். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றது. கேட்டைத் திறந்துகொண்டு குப்பை வண்டிக்குப் போனது.

நான் அந்த வாளியைச் சாக்கோடு தூக்கிக்கொண்டேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்கார அம்மா, "எங்கப்பா போற, அந்த நாத்தத்தை எடுத்துக்கிட்டு?" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். தெருவைக் கடந்து எதிர்வீட்டு மணியை அழுத்தினேன். அன்றைக்கு வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் கதவைத் திறந்தார். திறந்ததும் இரண்டடி பின்வாங்கி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க இது கருமம்?" என்றார்.

"என்னோடதுங்க" என்றேன்.